நடுவில் ஒரு நிரல் சேர்த்தபிறகு VLOOKUP நேற்றைய விலையை எடுக்கிறது, பிழை எதுவும் காட்டவில்லை

சாம்பல்தீவுப் பிள்ளை | வியாழன், இரவு 8.20

வணக்கம். திருகோணமலையில் ஒரு மீன் வாடியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் படகுகள் வந்ததும் மீனை நிறுத்து, கோட் நம்பரையும் கிலோவையும் போட்டால் அன்றைய விலைப்படி துண்டு வரும். அதற்கு எக்செல்லில் ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை.

இன்று காலை ஒரு சம்மாட்டி ஐயா துண்டோடு வந்தார். செவ்வாய்க்கிழமை 38 கிலோ அறுக்குளா கொடுத்திருக்கிறார். அன்று பலகையில் எழுதியிருந்த விலை கிலோ 2,450. துண்டில் 2,300 என்று இருக்கிறது. அவருக்கு 93,100 கிடைத்திருக்க வேண்டும், 87,400 தான் கொடுத்திருக்கிறோம். 5,700 ரூபாய் குறைவு. நான்தான் துண்டு அடித்தவள், எனக்கு முகத்தில் இரத்தம் இல்லை.

விலைகள் Rates என்ற ஷீட்டில் இருக்கின்றன. A கோட், B மீன் பெயர், C அளவு, D விலை, E குறிப்பு. துண்டுகள் Bills ஷீட்டில். B-யில் கோட், D-யில் கிலோ போடுவேன். C-யில் மீன் பெயரும் E-யில் விலையும் தானாக வரும், F மொத்தம். E-யில் இருந்த ஃபோர்முலா இது:

```
=VLOOKUP($B5,Rates!$A$2:$E$60,4,FALSE)
```

திங்கள் பின்னேரம் முதலாளி Rates ஷீட்டில் அளவுக்கும் விலைக்கும் நடுவில் ஒரு நிரல் சேர்த்திருக்கிறார். நேற்றைய விலையையும் இன்றைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமாம். இனி ஒவ்வொரு நாளும் பழைய விலையை அதில் ஒட்டிவிட்டுப் புதிய விலையைப் பக்கத்தில் அடிப்பார். இப்போது ஃபோர்முலாவைத் திறந்து பார்த்தால் இப்படி இருக்கிறது:

```
=VLOOKUP($B5,Rates!$A$2:$F$60,4,FALSE)
```

E என்று இருந்ததை எக்செல் தானே F ஆக்கியிருக்கிறது. அப்படியானால் 4-ஐ ஏன் 5 ஆக்கவில்லை? எனக்கு இதுதான் விளங்கவில்லை. இன்னொன்று, ஏன் ஒரு சிவப்புக் குறிகூட வரவில்லை? மூன்று நாள் துண்டுகள் இப்படிப் போயிருக்கின்றன.

---

உப்புவெளிக்காரன் | வியாழன், இரவு 8.41

எனக்கும் இதே பிரச்சினை வந்தது தங்கச்சி. நான் ஒரு தங்குமிடத்தில் வேலை. அறை நம்பரைப் போட்டால் #N/A என்று வரும். பார்த்தால் ஒரு பக்கம் 104 என்பது எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருந்தது. செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் Convert to Number கொடுங்கள், சரியாகிவிடும்.

---

நிலாவெளித் தம்பி | வியாழன், இரவு 8.55

அக்கா, இதற்கு ஒரே வழி Rates ஷீட்டை டேபிள் ஆக்குவதுதான். விலைப்பட்டியலுக்குள் எங்கேயாவது கிளிக் பண்ணிவிட்டு Ctrl+T அழுத்துங்கள். பிறகு முகவரிக்குப் பதிலாக டேபிளின் பெயரையே ஃபோர்முலாவில் போடலாம். எத்தனை நிரல் சேர்த்தாலும் டேபிள் தானே விரிந்துகொள்ளும். நான் படிக்கும் இடத்தில் எல்லாவற்றையும் இப்படித்தான் செய்கிறோம்.

```
=VLOOKUP($B5,RateTable,4,FALSE)
```

---

கந்தளாய்க்காரி | வியாழன், இரவு 9.30

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன், மற்றதெல்லாம் பிறகு. செவ்வாய், புதன், வியாழன் கோப்புகளில் இப்போதைக்கு ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். E நிரலில் இப்போது தெரிகிற பிழையான விலைதான் நீங்கள் உண்மையில் காசு கொடுத்த விலை. ஃபோர்முலாவைத் திருத்திய உடனே அது மறைந்துவிடும், அப்புறம் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைத் துண்டு துண்டாகத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தனிக் கோப்பாகச் சேமிக்கிறீர்களா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். `Rates!$A$2:$E$60` என்பது எக்செல்லுக்கு ஒரு இடத்தின் முகவரி. அந்த இடத்துக்குள் நீங்கள் நிரல் சேர்த்தால் முகவரி மாறுகிறது என்று அதற்குத் தெரியும், தானே திருத்திக்கொள்ளும். 4 முகவரி இல்லை. உங்கள் கையால் அடித்த ஒரு எண். அது நாலாவது நிரலா, நாலு கிலோவா, நாலு வீதமா என்று எக்செல் பார்ப்பதே இல்லை. அது கேட்கிறபோது நாலாவது இடத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கும். திங்கள் வரை அங்கே விலை இருந்தது. செவ்வாயிலிருந்து அங்கே நேற்றைய விலை இருக்கிறது.

சிவப்புக் குறி வராததற்கும் இதுதான் காரணம். முதலாளி அந்த இடத்தில் ஒரு குறிப்பையோ பெயரையோ எழுதியிருந்தால், எழுத்தைக் கிலோவால் பெருக்கப் போய் மொத்தத்தில் #VALUE! விழுந்திருக்கும். வெறுமையாக விட்டிருந்தால் எல்லாத் துண்டும் 0 என்று வந்திருக்கும், முதல் படகிலேயே பிடித்திருப்பீர்கள். உங்களுக்கு வந்து விழுந்தது விலை மாதிரியே இருக்கிற இன்னொரு விலை. 2,450 இருக்க வேண்டிய இடத்தில் 2,300. அதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க யாராலும் முடியாது. மீன் பெயர் வேறு சரியாக வந்துகொண்டிருந்திருக்கும். அது 2 என்ற எண்ணில் எடுக்கிறது, புது நிரல் அதற்கு வலப்பக்கத்தில் விழுந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் அரிசி ஆலைக் கணக்கில் 14 வருடம். இப்படி ஒருமுறை எனக்கும் நடந்தது. ஈரப்பதத்துக்குக் கழிக்கும் வீதத்தை எடுக்கிற இடத்தில் ஒரு நிரல் தள்ளிப்போய், வேறு வீதத்தில் கழித்துக்கொண்டிருந்தது. இரண்டும் 10-க்கும் 20-க்கும் இடைப்பட்ட எண்கள், அறுவடை முடிகிற வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

நிலாவெளித் தம்பி, டேபிள் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே புதிய மீன் சேர்த்தால் அது விரிந்துகொள்ளும், 60-ஐ மாற்றத் தேவையில்லை. ஆனால் உங்கள் ஃபோர்முலாவிலும் 4 அப்படியே இருக்கிறது. நிரல் சேர்த்தால் அதே கதைதான். வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள்.

---

நிலாவெளித் தம்பி | வியாழன், இரவு 9.52

செய்து பார்த்தேன் அக்கா. நீங்கள் சொன்னது சரி, டேபிள் விரிந்தது, விலை மாறிவிட்டது. கீழே நிரை சேர்த்தபோது வேலை செய்ததைப் பார்த்து நிரலுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் 4-க்குப் பதிலாக `COLUMN(Rates!E1)` என்று போடலாமா? அது முகவரிதானே, நகரும்.

---

கந்தளாய்க்காரி | வியாழன், இரவு 10.05

இப்போதைக்கு வேலை செய்யும் தம்பி. ஆனால் யாராவது A-க்கு இடப்பக்கத்தில் ஒரு நிரல் சேர்த்தால் கவிழ்ந்துவிடும். COLUMN சொல்வது ஷீட்டின் ஓரத்திலிருந்து எத்தனையாவது என்று. VLOOKUP கேட்பது பட்டியலின் ஓரத்திலிருந்து எத்தனையாவது என்று. பட்டியல் A-யில் தொடங்குகிற வரை இரண்டும் ஒன்றாக இருக்கும், B-க்குத் தள்ளப்பட்டால் ஒன்று கூடிவிடும். `COLUMNS(Rates!$A$1:$E$1)` என்று பன்மையில் போட்டால் தப்பலாம், ஏனென்றால் அது A-யிலிருந்து விலை வரை எண்ணுகிறது, இரண்டு முனையும் சேர்ந்து நகரும்.

---

சாம்பல்தீவுப் பிள்ளை | வெள்ளி, காலை 6.10

அக்கா, மிக்க நன்றி. ஆம், ஒவ்வொரு நாளும் தனிக் கோப்பு. தொடவில்லை. உப்புவெளி அண்ணா, எனக்கு #N/A வரவில்லை, விலை வருகிறது, ஆனால் வேறு விலை. இருந்தாலும் பச்சை முக்கோணம் பார்த்தேன், இல்லை.

இன்றைக்கு மட்டும் 4-ஐ 5 ஆக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன், படகுகள் வந்துவிட்டன. அது சரிதானே?

---

கந்தளாய்க்காரி | வெள்ளி, காலை 6.25

இன்றைக்குச் சரி. ஆனால் எங்கெல்லாம் 4 இருக்கிறது என்று தேடிவிட்டு மாற்றுங்கள். Bills-இல் மட்டும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். Ctrl+F, Options-ஐத் திறந்து Within என்பதில் Workbook, Look in என்பதில் Formulas. தேடுகிற இடத்தில் இதை அடித்து Find All கொடுங்கள்:

```
VLOOKUP(*,4,
```

கீழே வரிசையாக எல்லா இடமும் வரும். பிறகு ஒரு வேலை. Bills ஷீட்டில் வெறுமையான ஒரு செல்லில் இதைப் போட்டு என்ன வருகிறது என்று சொல்லுங்கள்:

```
=INDEX(Rates!$A$1:$F$1,4)
```

நாலாவது நிரலின் தலைப்பை இது அப்படியே எடுத்துக் காட்டும். ஃபோர்முலா எதை எடுக்கிறது என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

---

கொழும்பிலிருந்து | வெள்ளி, முற்பகல் 10.15

எதற்கு இவ்வளவு சுற்று? XLOOKUP போடுங்கள், நிரல் எண்ணே தேவையில்லை. எங்கிருந்து தேட வேண்டும், எங்கிருந்து எடுக்க வேண்டும், இரண்டையும் முகவரியாகக் கொடுத்தால் போதும்.

```
=XLOOKUP($B5,Rates!$A$2:$A$60,Rates!$E$2:$E$60)
```

---

சாம்பல்தீவுப் பிள்ளை | வெள்ளி, பிற்பகல் 2.40

இப்போதுதான் ஓய்ந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேடியதில் மூன்று ஷீட்டில் வந்தது. Bills எனக்குத் தெரியும். Total என்று முதலாளி மாலையில் பார்க்கிற ஷீட்டிலும் இருந்தது. மூன்றாவது, மறைத்து வைத்திருந்த ஒரு ஷீட், எனக்கு முன் வேலை செய்தவர் ஐஸ் கணக்குக்குப் போட்டது. அதை நான் பார்த்ததே இல்லை. Total ஷீட்டும் அதே 4-ல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் மாலையில் கூட்டிப் பார்த்தபோது Bills-உடன் ஒத்துப்போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்து பிழை.

கொழும்பு அண்ணா, XLOOKUP முதலாளியின் மடிக்கணினியில் வேலை செய்தது. அதைச் சேமித்து வாடியில் இருக்கும் கணினியில் திறந்தால் ஃபோர்முலாவின் முன்னால் `_xlfn.` என்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிலோவை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கோட் நம்பரை மாற்றியதும் `#NAME?` வந்துவிட்டது. வாடியில் இருப்பது 2016.

அக்கா, நீங்கள் சொன்ன INDEX-ஐப் போட்டதும் இப்படி வந்தது:

```
New;iwa tpiy
```

நான் எதையாவது பிழையாக அடித்துவிட்டேனா?

---

கந்தளாய்க்காரி | வெள்ளி, பிற்பகல் 3.05

பிழையாக அடிக்கவில்லை தங்கச்சி. நல்ல வேளை இதைப் பார்த்தோம். உங்கள் முதலாளி தலைப்புகளைப் பாமினியில் அடித்திருக்கிறார். செல்லுக்குப் பாமினி ஃபொன்ட் கொடுத்திருப்பதால் Rates ஷீட்டில் "நேற்றைய விலை" என்று தமிழில் தெரிகிறது, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். INDEX அந்த எழுத்தை மட்டும் கொண்டுவரும், ஃபொன்ட்டைக் கொண்டுவராது. Rates-இல் அந்தத் தலைப்பைக் கிளிக் பண்ணி மேலே ஃபோர்முலா பட்டையைப் பாருங்கள், அங்கேயும் இதேதான் தெரியும்.

அதாவது நாலாவது நிரல் நேற்றைய விலை என்று கோப்பே சொல்லிவிட்டது.

இது ஏன் முக்கியம் என்றால், தலைப்பை வைத்துத் தேடுகிற முறையைத்தான் அடுத்து உங்களுக்குச் சொல்ல இருந்தேன்:

```
=VLOOKUP($B5,Rates!$A$2:$F$60,MATCH("விலை",Rates!$A$1:$F$1,0),FALSE)
```

4-க்குப் பதிலாக, "விலை" என்ற தலைப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் MATCH எண்ணிச் சொல்லும். ஆனால் நீங்கள் யுனிகோடில் "விலை" என்று அடித்தால், உள்ளே `tpiy` என்று இருப்பதோடு அது எந்தக் காலத்திலும் பொருந்தாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வருவது #N/A.

---

கிண்ணியா72 | வெள்ளி, மாலை 5.20

பாமினிக்கு வழி இருக்கிறது பிள்ளை. தலைப்பை அடிக்க வேண்டாம். Rates-இல் இருக்கிற விலைத் தலைப்பு செல்லை அப்படியே நகலெடுத்து Bills-இல் E4-இல் ஒட்டுங்கள், ஃபொன்ட்டோடு வரும். பிறகு ஃபோர்முலாவில் அந்தச் செல்லைக் காட்டுங்கள்:

```
=VLOOKUP($B5,Rates!$A$2:$F$60,MATCH(E$4,Rates!$A$1:$F$1,0),FALSE)
```

ஒன்றைக் கவனியுங்கள். MATCH பார்க்கிற தலைப்பு வரிசையும் VLOOKUP பார்க்கிற பட்டியலும் ஒரே நிரலில் தொடங்க வேண்டும், இரண்டும் A. ஒன்றை B-யிலிருந்து தொடங்கினால் மறுபடி ஒன்று தள்ளிப்போகும்.

---

கந்தளாய்க்காரி | வெள்ளி, இரவு 8.10

கிண்ணியா அண்ணா சொன்னது வேலை செய்யும். எனக்கு என்னவோ இந்தக் கோப்புக்கு INDEX-தான் பிடிக்கும். தலைப்பே வேண்டாம், பாமினியும் வேண்டாம், 2016-லும் ஓடும்:

```
=INDEX(Rates!$E$2:$E$60,MATCH($B5,Rates!$A$2:$A$60,0))
```

வாசித்தால், கோட் எத்தனையாவது நிரையில் இருக்கிறது என்று A-யில் பார், அதே நிரையில் E-யில் இருப்பதைக் கொடு. கையால் அடித்த நிரல் எண் எங்கேயும் இல்லை. முதலாளி நாளைக்கு இன்னொரு நிரல் சேர்த்தால் `$E$2:$E$60` தானே `$F$2:$F$60` ஆகும். விலை நிரலையே வெட்டி வேறு இடத்தில் போட்டாலும் கூடவே போகும். கடைசியில் இருக்கிற 0-வை விடக்கூடாது, அது சரியாகப் பொருந்தும் கோட்டைத்தான் எடுக்கச் சொல்கிறது.

தங்கச்சி, இதைப் போட்டபிறகு கோப்பின் ஒரு நகலில் பரீட்சித்துப் பாருங்கள். C-க்கும் D-க்கும் நடுவில் ஒரு நிரல் சேருங்கள், அதில் எல்லா நிரையிலும் 1 என்று போடுங்கள். விலை அசையாமல் நின்றால் சரி. 1 என்று வந்தால் எங்கேயோ பழைய ஃபோர்முலா மிச்சம் இருக்கிறது.

---

கிண்ணியா72 | வெள்ளி, இரவு 8.45

கந்தளாய் அக்கா, நான் இதில் உங்களோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் விலைப்பட்டியல் தனிக் கோப்பு, துண்டு தனிக் கோப்பு. நீங்கள் சொன்ன INDEX-தான் போட்டிருந்தேன். ஒருநாள் இரவு விலைக் கோப்பை மட்டும் திறந்து ஒருவர் நிரல் சேர்த்துச் சேமித்தார். துண்டுக் கோப்பு அப்போது மூடியிருந்தது. காலையில் அதைத் திறந்தால் ஃபோர்முலா பழைய நிரலையே காட்டிக்கொண்டிருந்தது, ஒரு எழுத்தும் நகரவில்லை. மூடியிருக்கிற கோப்புக்குள் இருக்கிற முகவரியை எக்செல் எப்படித் திருத்தும்? இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் திருத்தும்.

```
=INDEX('C:\Kanakku\[Rates.xlsx]Rates'!$D$2:$D$60,MATCH($B5,'C:\Kanakku\[Rates.xlsx]Rates'!$A$2:$A$60,0))
```

அந்த D இப்போது வேறொரு நிரல். 4 என்று கையால் அடித்ததற்கும் இதற்கும் அந்த இடத்தில் வித்தியாசமே இல்லை. அதிலிருந்துதான் தலைப்பை வைத்து எடுக்கும் முறைக்கு மாறினேன். பட்டியலையும் தலைப்பு வரிசையையும் A-யிலிருந்து Z வரை அகலமாகக் கொடுத்துவிட்டேன், எத்தனை நிரல் சேர்ந்தாலும் உள்ளேதான் இருக்கும்.

---

கந்தளாய்க்காரி | வெள்ளி, இரவு 9.15

தனிக் கோப்பு என்றால் நீங்கள் சொல்வதே சரி. அதை நான் யோசிக்கவில்லை. எனக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருந்தே பழக்கம்.

ஆனால் ஒரே கோப்பில் தலைப்பை நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை அண்ணா. "விலை" என்பதை ஒருவர் "இன்றைய விலை" என்று மாற்றினால் காலை 5 மணிக்குப் படகு வந்து நிற்கிறபோது துண்டு முழுக்க #N/A. அந்தப் பிள்ளை தனியாக என்ன செய்யும்?

---

கிண்ணியா72 | வெள்ளி, இரவு 9.40

#N/A வந்தால் துண்டு அடிக்க முடியாது, யாரையாவது கூப்பிடுவார், ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். பிழையான விலையில் மூன்று நாள் காசு கொடுத்ததைத் திருத்த எத்தனை நாள் போகிறது என்று இப்போது பார்க்கிறோமே. எனக்கு நின்றுபோகிற ஃபோர்முலாதான் வேண்டும்.

---

நிலாவெளித் தம்பி | வெள்ளி, இரவு 9.58

Rates ஷீட்டைப் பூட்டிவிட்டால் என்ன? Review-வில் Protect Sheet. விலை அடிக்கிற செல்களை மட்டும் முன்கூட்டியே Locked என்பதிலிருந்து எடுத்துவிட்டால் அவர் விலையை மாற்றலாம், நிரல் சேர்க்க முடியாது.

---

சாம்பல்தீவுப் பிள்ளை | வெள்ளி, இரவு 10.20

தம்பி, நல்ல யோசனைதான், ஆனால் கோப்பு முதலாளியுடையது. அவருடைய விலைப்பட்டியலை நான் பூட்டுவது சரியாக இருக்காது. அவர் நிரல் சேர்த்ததிலும் பிழை இல்லை. இரண்டு விலையும் பக்கத்தில் இருப்பது அவருக்கு உண்மையிலேயே உதவுகிறது.

ஒரே கோப்பு என்பதால் கந்தளாய் அக்கா சொன்ன INDEX-ஐப் போட்டேன். மூன்று ஷீட்டிலும் மாற்றிவிட்டு நகலில் 1 என்று நிரல் சேர்த்துப் பார்த்தேன். Bills அசையவில்லை, Total அசையவில்லை. ஐஸ் ஷீட்டில் இரண்டு செல்லில் 1 வந்தது, அங்கே `, 4, 0)` என்று இடைவெளி விட்டு அடித்திருந்திருக்கிறார்கள், அதனால்தான் என் தேடலில் வரவில்லை. அதையும் மாற்றினேன்.

இனி பழைய மூன்று நாள். அக்கா, எப்படிக் கணக்கெடுப்பது?

---

கந்தளாய்க்காரி | சனி, காலை 7.00

இடைவெளி வந்தது எனக்கும் பாடம். இனி தேடும்போது `VLOOKUP(` என்று மட்டும் அடித்து வருகிறதை எல்லாம் பார்ப்பதே நல்லது.

செவ்வாய், புதன், வியாழன் கோப்புகளின் நகலைத் திறவுங்கள், மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் Rates-இன் D-யில் நேற்றைய விலையும் E-யில் அன்றைய விலையும் இருக்கின்றன. Bills-இல் E நிரல் நீங்கள் கொடுத்த விலை, அதைத் தொடாமல் G-யில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=(INDEX(Rates!$E$2:$E$60,MATCH($B5,Rates!$A$2:$A$60,0))-E5)*D5
```

கொடுக்க வேண்டிய விலையிலிருந்து கொடுத்த விலையைக் கழித்துக் கிலோவால் பெருக்குகிறது. கூட்டல் என்றால் நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டும், கழித்தல் என்றால் கூடக் கொடுத்துவிட்டீர்கள். அந்த அறுக்குளாத் துண்டில் 5,700 வந்தால் ஃபோர்முலா சரி. வேறு ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் கையால் எழுதிய பலகை விலை எங்கேயாவது படம் எடுத்து வைத்திருந்தால் Rates-இன் E-யோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். மாலையில் ஒட்டுகிறபோது அவர் ஒரு நாள் முந்திச் செய்துவிட்டிருந்தால், அந்த நாளுக்கு இரண்டு நிரலிலும் ஒரே விலைதான் இருக்கும்.

---

உப்புவெளிக்காரன் | சனி, முற்பகல் 11.30

நான் முதலில் கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, மன்னிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு எங்கள் அறைக் கட்டணக் கோப்பைத் திறந்து அந்த INDEX-ஐப் போட்டுத் தலைப்பைப் பார்த்தேன். நாங்கள் எடுப்பது 6-வது நிரல். தலைப்பு சரியாகத்தான் வந்தது. ஆனால் போன வருடம் யாரோ காலை உணவு என்று ஒரு நிரல் சேர்த்திருக்கிறார்கள், அது கடைசியில், எங்கள் கட்டண நிரலுக்கு வலப்பக்கத்தில் விழுந்திருக்கிறது. இடப்பக்கத்தில் விழுந்திருந்தால் எங்களுக்கும் இதே நிலைதான். திங்கட்கிழமை மாற்றப்போகிறேன்.

---

சாம்பல்தீவுப் பிள்ளை | சனி, இரவு 7.45

அக்கா, 5,700 சரியாக வந்தது. பலகைப் படங்கள் மூன்று நாளுக்கும் இருந்தன, முதலாளி ஒவ்வொரு காலையும் வியாபாரிகளுக்கு அனுப்புவார். விலைகள் ஒத்துப்போகின்றன.

மூன்று நாளும் சேர்த்து 17 துண்டுகளில் குறைத்துக் கொடுத்திருக்கிறோம், மொத்தம் 41,350 ரூபாய். 9 துண்டுகளில் கூடக் கொடுத்திருக்கிறோம், 28,960. கூடிய துண்டில் பெரியது சூரை. புதன்கிழமை விலை 920-லிருந்து 850-க்கு இறங்கியது, 112 கிலோ, 95,200-க்குப் பதில் 103,040 போயிருக்கிறது. 7,840 கூட. விலை மாறாத மீன்களில் ஒன்றும் இல்லை. கூட வாங்கிய ஒருவரும் வந்து சொல்லவில்லை, அவர்கள் துண்டைக் கூட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்த ஐயா பலகை விலையை நினைவில் வைத்து வந்து கேட்டதால்தான் எல்லாம் தெரியவந்தது.

முதலாளியிடம் பட்டியலைக் கொடுத்தேன். குறைந்தவர்களுக்கு நாளை காலையே கொடுத்துவிடச் சொன்னார், அந்த ஐயாவுக்கு இன்றே கொடுத்தாகிவிட்டது. கூடிய 28,960-ஐ என்ன செய்வது என்று முடிவெடுக்கவில்லை. அடுத்த துண்டில் கழிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், நம் பிழைக்கு அவர்களிடம் கேட்கக்கூடாது என்று முதலாளியின் மனைவி சொல்கிறார். அது அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

Bills ஷீட்டின் மேலே H1-இல் ஒரு செல் வைத்திருக்கிறேன். E நிரல் எந்தத் தலைப்பின் கீழிருந்து எடுக்கிறதோ அந்தத் தலைப்பைக் காட்டும், பாமினி ஃபொன்ட் கொடுத்ததால் தமிழில் தெரிகிறது:

```
=INDEX(Rates!$1:$1,COLUMN(Rates!$E$2))
```

இங்கே ஷீட்டின் முழு முதல் வரிசையைக் கொடுத்திருப்பதால் COLUMN சரிதானே அக்கா?

---

கந்தளாய்க்காரி | சனி, இரவு 8.15

சரிதான். இரண்டும் ஷீட்டின் ஓரத்திலிருந்தே எண்ணுகின்றன, ஒன்றாகவே நகரும்.

---

கிண்ணியா72 | சனி, இரவு 9.00

பிள்ளை, ஒன்று மட்டும். பின்னால் எப்போதாவது விலைப்பட்டியலைத் தனிக் கோப்பாகப் பிரிக்கலாம் என்று முதலாளி சொன்னால், பிரிப்பதற்கு முன் இங்கே வந்து கேளுங்கள். அப்போது இந்த INDEX-ஐ அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

---

சாம்பல்தீவுப் பிள்ளை | சனி, இரவு 9.10

இன்று மத்தியானம்தான் சொன்னார் அண்ணா. கைபேசியிலிருந்து விலையை மாற்ற வேண்டுமாம். அதற்கு நாளை தனி இழை தொடங்குகிறேன்.